மாவட்டக் கோடுகளும் தூரத்துத் தீவுகளும்: மொரீசியஸ் குடியரசின் பிரிவுகள்



நம் நாட்டில் மாவட்டம் என்றதும் நம் நினைவுக்கு வருவது மாவட்ட அலுவலகம். நிலத்துக்கு மனு செய்யவும், கோயில் திருவிழாவுக்கு அழைப்பு வைக்கவும் நாம் தேடிப் போவது மாவட்ட அதிகாரியை. தமிழ்நாட்டிலிருந்து வந்த பெரியவர்களைக் கேட்டால், மாவட்டம் என்றால் கலெக்டர் கச்சேரி என்பார்கள். இரண்டு இடங்களிலும் மாவட்டம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் அதிகாரி அமர்ந்திருக்கிறார்.

இந்துமாக்கடலின் தென்மேற்குப் பகுதியில் உள்ள மொரீசியஸ் குடியரசிலும் மாவட்டங்கள் இருக்கின்றன. அங்கே வாழ்வோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இந்திய வம்சாவளியினர். தமிழ் மரபினரும் அவர்களுள் அடங்குவர். ஆனால் நம் மாவட்ட அதிகாரியைப் போன்ற ஒருவரை அங்கே காண முடியாது. அப்படியானால் அந்த மாவட்டங்கள் எதற்காக? ஊரை நிருவகிப்பவர் யார்? பெருந்தீவுக்கு வெளியே, கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் சிறு தீவுகள் எந்தக் கணக்கில் சேர்கின்றன? இவற்றையே இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் இடத்தை மனத்தில் பதித்துக்கொள்வோம். மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில் மொரீசியஸ் தீவு இருக்கிறது. அதன் பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர். அதாவது நம் மலாக்கா மாநிலத்தைவிடச் சற்றுப் பெரியது. சிங்கப்பூரைப் போல் இரண்டரை மடங்கு. குடியரசு முழுவதிலும் வாழ்வோர் 12 லட்சத்துக்குச் சற்று மேல். 1968ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றது. 1992ஆம் ஆண்டு அதே மார்ச் 12ஆம் நாள் குடியரசாயிற்று.

தீவின் நடுவில் உயர்ந்த மேட்டுநிலம். அதிலிருந்து ஆறுகள் நாற்புறமும் கடலை நோக்கி இறங்குகின்றன. பழைய எரிமலைகளின் மிச்சமான மலைத்தொடர்கள் ஆங்காங்கே சுவர்போல் நிற்கின்றன. மாவட்டக் கோடுகள் பெரும்பாலும் இந்த ஆறுகளையும் மலைமுகடுகளையும் ஒட்டியே செல்கின்றன. அதனால் வட்டமான ஓர் அப்பத்தை நடுவிலிருந்து துண்டு போட்டாற்போல் பல மாவட்டங்கள் மேட்டில் தொடங்கிக் கடற்கரையில் முடிகின்றன.

வடமேற்கில் தலைநகரான போர்ட் லூயிஸ். ஒன்பதில் மிகச் சிறியது இதுதான். அங்கிருந்து வலமாகச் சுற்றி வந்தால், வடக்கே பாம்பிளமூஸ், அடுத்து ரிவியேர் து ராம்பார், கிழக்கே ஃபிளாக், தென்கிழக்கே கிராண்ட் போர்ட், தெற்கே சவான், மேற்கே பிளாக் ரிவர். இந்த ஏழும் கடலைத் தொடுபவை. உள்நாட்டில் கடலே இல்லாத மாவட்டங்கள் இரண்டு: மோக்காவும் பிளேன் வில்லெமும்.

இந்தப் பெயர்கள் நமக்கு முதலில் வாயில் நுழைய மறுக்கும். ஆனால் ஒன்று நமக்கு உறவுள்ள பெயர். பாம்பிளமூஸ் என்பதும் நாம் பம்பளிமாசு என்று சொல்லும் பழமும் ஒன்றே. மோக்கா என்பது ஏமன் நாட்டுக் காப்பித் துறைமுகத்தின் பெயர். அந்த மேட்டில் ஒரு காலத்தில் காப்பி பயிரிட்டார்கள். ஃபிளாக் என்பது சமவெளியைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மூவரும் மாறிமாறி ஆண்ட தீவு அது. பிரெஞ்சுக்காரர் நிலத்தைப் பகுதிகளாக வகுத்தனர். 1810இல் தீவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அந்தப் பகுதிகளையே மாவட்டங்களாக வைத்துக்கொண்டனர்.

இன்றைக்கு அந்தக் கோடுகள் வெறும் முகவரி போலத் தோன்றலாம். ஆனால் நம் மக்களின் முன்னோருக்கு அவை ஒரு காலத்தில் வேலியாக இருந்தன. அந்த வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அடிமை முறை 1835இல் ஒழிந்தபோது கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1834 முதலே இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் கொண்டுவரத் தொடங்கியிருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இறங்கினர். கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று துறைமுகங்களிலிருந்தும் வந்தனர். அவர்கள் ஏறிவந்த படிகள் இன்றும் இருக்கின்றன. ஆப்பிரவாசி காட் என்ற அந்த இடம் 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஒப்பந்தம் முடிந்த தொழிலாளி என்ன ஆனார்? சட்டப்படி அவர் யாருக்கும் கட்டுப்பட்டவர் அல்லர். விரும்பினால் ஒரு சிறு நிலத்தை வாடகைக்கு எடுத்துக் காய்கறி போடலாம். தலையில் கூடை சுமந்து விற்கலாம். ஆனால் தோட்ட முதலாளிகளுக்கு அவர் மறுபடியும் தோட்டத்துக்கே வரவேண்டும். 1867இல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடித்த ஒவ்வொரு பழைய தொழிலாளியும் தம் புகைப்படம் ஒட்டிய சீட்டு ஒன்றை வைத்திருக்க வேண்டும். அதோடு, தாம் வசிக்கும் மாவட்டத்துப் போலீசாரிடம் அனுமதிச் சீட்டும் வாங்க வேண்டும். அந்த அனுமதி அந்த மாவட்டத்துக்கு மட்டுமே செல்லும்.

இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். பாம்பிளமூஸில் குடியிருக்கும் ஒரு முதியவர், ஃபிளாக் மாவட்டத்தில் மணமுடித்துக் கொடுத்த தம் மகளைப் பார்க்கப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஓடும் சிற்றாற்றைத் தாண்டியதும் அவர் வேறு மாவட்டத்தில் இருக்கிறார். கையில் உரிய சீட்டு இல்லையென்றால் போலீசார் அவரை நாடோடி என்று பிடிக்கலாம். சீட்டை வீட்டில் மறந்துவைத்துவிட்டு வந்தாலும் கதி அதுதான். சீட்டு தொலைந்தால் புதிதாக வாங்கப் பணம் கட்ட வேண்டும், அலைய வேண்டும், அலையும்போதே பிடிபடவும் கூடும். படத்தில் மெல்லியதாகத் தெரிந்த கோடு, நடந்து போகிறவரின் காலுக்கு விலங்காயிற்று.

இதை எதிர்த்து 1871இல் ஒரு மனு எழுந்தது. அதோல்ப் தெ பிளெவிட்ஸ் என்ற ஐரோப்பியத் தோட்ட மேலாளர் அதை முன்னின்று தயாரித்தார். இராஜரத்தின முதலியார் என்ற தமிழர் அவருக்குத் துணை நின்றார். பழைய தொழிலாளர் 9,401 பேர் அந்த மனுவில் ஒப்பமிட்டனர். எழுதத் தெரியாதவர்களும் தங்கள் குறியை இட்டனர். அதன் விளைவாக 1872இல் பிரிட்டிஷ் அரசு ஒரு விசாரணைக் குழுவை அனுப்பியது. 1875இல் வெளியான அதன் அறிக்கை தொழிலாளர் பட்ட துன்பங்களைப் பக்கம் பக்கமாகப் பதிவு செய்தது. 1878இல் சட்டம் திருத்தப்பட்டது. இன்று அந்தச் சீட்டுகளும் படங்களும் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தங்கள் பாட்டன் பூட்டன் பெயரைத் தேடி வருவோருக்கு அவையே ஆதாரம்.

சரி, இன்றைய நிலைக்கு வருவோம். இப்போது மாவட்டம் எதற்குப் பயன்படுகிறது? நீதிமன்றத்துக்கு, போலீஸ் பிரிவுக்கு, நிலப் பத்திரத்தில் இடத்தைக் குறிப்பதற்கு, மக்கள் தொகைக் கணக்குக்கு. அங்கேகூடக் கோடு அப்படியே நிற்பதில்லை. பிளேன் வில்லெம் மாவட்டத்தில் வழக்குகள் மிகுதி. எனவே மேல் பகுதிக்குக் கியூர்பிப் நகரிலும், கீழ்ப் பகுதிக்கு ரோஸ்ஹில் நகரிலும் என்று இரண்டு மாவட்ட நீதிமன்றங்கள் உண்டு.

குப்பை அள்ளுவது, தெருவிளக்கு, சந்தை, சுடுகாடு, கட்டட அனுமதி ஆகிய அன்றாடக் காரியங்களை உள்ளாட்சி மன்றங்கள் கவனிக்கின்றன. இந்த மன்றங்கள் இருவகைப்படும். நகரங்களுக்கு நகராண்மை மன்றங்கள், அவை ஐந்து. போர்ட் லூயிஸ், போ பாசான்-ரோஸ்ஹில், காத்ர் போர்ன், வாக்குவா-ஃபீனிக்ஸ், கியூர்பிப் என்பன அவை. கிராமப்புறங்களுக்கு மாவட்ட மன்றங்கள், அவை ஏழு. முன்பு நான்கு மாவட்ட மன்றங்களே இருந்தன; இரண்டிரண்டு மாவட்டங்களைச் சேர்த்து மூன்று மன்றங்களும், பிளாக் ரிவருக்குத் தனியாக ஒன்றும். 2011ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைப் பிரித்து ஏழாக்கியது.

இங்கே கூர்ந்து கவனிக்கும் நேயர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். மாவட்டங்கள் ஒன்பது என்றால் மாவட்ட மன்றங்கள் ஏன் ஏழு? போர்ட் லூயிஸ் நகரமே ஒரு மாவட்டம் என்பதால் அதற்கு வேண்டியதில்லை. எஞ்சியது பிளேன் வில்லெம். ஐந்து நகராண்மைகளில் தலைநகர் நீங்கலாக மற்ற நான்கும் அந்த ஒரு மாவட்டத்தில்தான் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நாட்டு மக்களில் பத்தில் மூன்று பங்கினர் அங்கேதான் வாழ்கிறார்கள்.

நான்கு நகரங்கள் ஏன் ஒரே மேட்டில் கூடின? அதற்குக் காரணம் ஒரு நோய். 1866 முதல் 1868 வரை தலைநகரையும் கரையோரங்களையும் மலேரியாக் காய்ச்சல் வாட்டி எடுத்தது. பல்லாயிரம் பேர் மாண்டனர். மேட்டுநிலம் குளிர்ச்சியானது, அங்கே காய்ச்சல் குறைவு. வசதி படைத்தவர்கள் வீட்டைத் தூக்கிக்கொண்டு மேலே போனார்கள். தலைநகரிலிருந்து மேட்டின் வழியாகத் தென்கிழக்குக் கரைக்குச் செல்லும் இரயில் பாதையும் 1865இல் திறக்கப்பட்டிருந்தது. காலையில் இறங்கி வேலை பார்த்து மாலையில் ஏறிவிடலாம். நிலையத்துக்கு நிலையம் ஊர்கள் வளர்ந்து நகரங்களாயின. இரயில் 1964இல் நின்றுபோயிற்று. அதே நகரங்களின் வழியாக இப்போது மின்சார இரயில் ஓடுகிறது. 2022இல் அது கியூர்பிப் வரை எட்டியது.

இனி இந்தப் பிரிவுகள் ஒருவர் வாழ்க்கையில் எப்படிச் சேர்கின்றன என்று பார்ப்போம். வடக்கே திரியோலே என்றோர் ஊர். பாம்பிளமூஸ் மாவட்டத்தில் இருக்கிறது. 20,000க்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். இருந்தாலும் சட்டப்படி அது கிராமம். அங்கே வாழும் ஒரு தாயாரை எண்ணிக்கொள்வோம்.

அவருக்கு நில வழக்கு ஒன்று வந்தால், சிறு தொகையாயின் பாம்பிளமூஸ் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகிறார். வாசலில் குப்பை அள்ளவில்லை என்றால் பாம்பிளமூஸ் மாவட்ட மன்றத்திடம் முறையிடுகிறார். ஆனால் அந்த மன்றத்து உறுப்பினரை அவர் நேராகத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் வாக்களிப்பது திரியோலே கிராம மன்றத்துக்கு. அதில் ஒன்பது உறுப்பினர்கள். கிராம மன்றம் தன்னுள் ஒருவரைத் தெரிந்து மாவட்ட மன்றத்துக்கு அனுப்புகிறது. அப்படி ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் வருகிறவர்கள் கூடி மாவட்ட மன்றம் ஆகிறது. எனவே அவருடைய குறை இரண்டு படி ஏற வேண்டும். காத்ர் போர்னில் வாழும் அவர் தங்கைக்கு ஒரே படிதான். நகராண்மை உறுப்பினரை அவர் நேராகவே தேர்ந்தெடுக்கிறார்.

நாடாளுமன்றத் தேர்தல் வந்தால் இன்னொரு படம் விரிகிறது. பெருந்தீவு 20 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று உறுப்பினர்கள். வாக்காளர் ஒவ்வொருவரும் மூன்று பேருக்கு வாக்களிக்கிறார். திரியோலே ஐந்தாம் தொகுதியைச் சேர்ந்தது. தொகுதிக் கோடுகள் மாவட்டக் கோடுகளை மதித்தே தீர வேண்டும் என்பதில்லை. நான்காம் தொகுதியைப் பாருங்கள். தலைநகரின் வடபகுதியையும் மலைக்கு அப்பால் பாம்பிளமூஸ் மாவட்டத்துக் கிராமங்களையும் அது ஒன்றாகக் கட்டியிருக்கிறது. எனவே மொரீசியஸ் நாட்டவர் ஒருவரிடம் “உங்கள் இடம் எது?” என்று கேட்டால், மாவட்டம், மன்றம், தொகுதி என்று மூன்று விடைகள் வரலாம், மூன்றின் எல்லையும் வேறுவேறாக இருக்கலாம். ஊர்ப் பெயரை மட்டும் கேட்டுவிட்டு, அவர் இன்ன தொகுதி என்று நாம் முடிவுகட்டினால் தவறிப்போகும்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். உள்ளாட்சி மன்றங்களின் ஆயுளை நாடாளுமன்றம் ஒரு சட்டத் திருத்தத்தால் நீட்டிவிட முடியும். நகராண்மைத் தேர்தல் 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடந்தது. அதற்கு அடுத்த தேர்தல் மீண்டும் மீண்டும் தள்ளிவைக்கப்பட்டு, 2025ஆம் ஆண்டு மே 4ஆம் நாள்தான் நடந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகள், நகரவாசிகள் தங்கள் நகராண்மையை மாற்றவோ மறுபடி அமர்த்தவோ வாய்ப்பில்லாமல் இருந்தார்கள். கோடு இருந்தது, மன்றமும் இருந்தது, வாக்குச் சீட்டு மட்டும் வரவில்லை.

இனிப் பெருந்தீவை விட்டுக் கடலுக்குப் போவோம். மொரீசியஸ் அரசியலமைப்புச் சட்டம், நாடு என்பதில் எந்தெந்தத் தீவுகள் அடங்கும் என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது. மொரீசியஸ், ரோட்ரிக்ஸ், அகலேகா, செயின்ட் பிராண்டன் திட்டுகள், திரோம்லின், சாகோஸ் தீவுக்கூட்டம் ஆகியவை அவை. ஒரே பட்டியலில் இருந்தாலும் ஒவ்வொன்றின் நிலையும் வேறு.

முதலில் ரோட்ரிக்ஸ். பெருந்தீவுக்குக் கிழக்கே 560 கிலோமீட்டருக்கு மேல். விமானத்தில் ஒன்றரை மணி நேரம். கப்பலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். 108 சதுர கிலோமீட்டர் பரப்பு, 40,000க்குச் சற்று மேற்பட்ட மக்கள், போர்ட் மாத்யூரின் தலைநகர். பெருந்தீவைப் போல் இங்கே இந்திய வம்சாவளியினர் பெரும்பான்மை அல்லர். கிறியோல் மொழி பேசும் ஆப்பிரிக்க மரபுக் கத்தோலிக்கரே பெரும்பாலோர். மீன்பிடிப்பும் சிறு பயிர்த்தொழிலும் ஆடுமாடு வளர்ப்பும் அவர்கள் தொழில்.

ரோட்ரிக்ஸ் நெடுங்காலம் நாட்டின் பத்தாவது மாவட்டமாகக் கருதப்பட்டது. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில்தான் அம்மக்கள் முதன்முதலில் வாக்களித்தார்கள். அந்தத் தேர்தல் விடுதலையைப் பற்றியது. ரோட்ரிக்ஸ் மக்கள் மிகப் பெரும்பான்மையாக, விடுதலையை எதிர்த்த கட்சிக்கே வாக்களித்தனர். தொலைவில் உள்ள ஒரு பெரும்பான்மையின் கீழ் தாங்கள் மறக்கப்படுவோம் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. பெருந்தீவின் முடிவு வேறாயிருந்ததால் அவர்களும் விடுதலை பெற்ற நாட்டின் பகுதியாயினர்.

அந்த அச்சத்துக்கு விடை கிடைக்க முப்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2001இல் நாடாளுமன்றம் ரோட்ரிக்ஸ் வட்டார மன்றச் சட்டத்தை இயற்றியது. அரசியலமைப்பிலும் அதற்கென ஓர் அதிகாரம் சேர்க்கப்பட்டது. 2002இல் முதல் தேர்தல் நடந்து மன்றம் செயல்படத் தொடங்கியது. தீவு ஆறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் இருவர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். கட்சிகள் பெற்ற வாக்கு விகிதத்தைப் பார்த்து மேலும் சிலர் சேர்க்கப்படுகின்றனர். முதன்மை ஆணையர் ஒருவர் தலைமையில் நிருவாகக் குழு அமைகிறது. வேளாண்மை, மீன்பிடிப்பு, நீர், சாலை, சுற்றுலா முதலியவை அதன் கையில். பாதுகாப்பு, வெளியுறவு முதலியவை தலைநகரின் கையிலேயே உள்ளன. செலவுக்கு வேண்டிய பணத்தின் பெரும்பகுதி நாட்டின் வரவுசெலவுத் திட்டத்திலிருந்தே வருகிறது. இதுபோக, நாடாளுமன்றத்துக்கும் ரோட்ரிக்ஸ் இருபத்தொன்றாம் தொகுதியாக இரண்டு உறுப்பினர்களை அனுப்புகிறது.

திரியோலே தாயாருக்கு எட்டாத ஒன்று ரோட்ரிக்ஸ் மீனவருக்குக் கிடைத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். தம் மண்ணுக்கென்று ஒரு மன்றம், அதற்கு அரசியலமைப்பிலேயே ஓர் இடம். பெருந்தீவின் எந்த மாவட்டத்துக்கும் அது இல்லை.

இரண்டாவது அகலேகா. வடக்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். வடதீவு, தென்தீவு என இரு பகுதி, நடுவில் மணல்திட்டு. தென்னந்தோப்பே அதன் வாழ்வு. மக்கள் ஏறத்தாழ 300 பேர். அங்கே தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை. வெளித்தீவுகள் மேம்பாட்டுக் கழகம் என்ற அரசுக் கழகமே தீவை நடத்துகிறது. தோப்பில் வேலை கொடுப்பதும், கப்பலில் அரிசி கொண்டுவருவதும் அதன் பொறுப்பு. முதலாளியும் ஆட்சியாளரும் ஒருவரே என்றால், குறையை யாரிடம் சொல்வது?

2024ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட விமான ஓடுதளமும் கப்பல் துறையும் அங்கே திறக்கப்பட்டன. பழைய ஓடுதளத்தில் சிறு விமானம் மட்டுமே இறங்கும். நோயாளியை ஏற்றிச் செல்வதே பெரும்பாடாயிருந்தது. புதிய ஓடுதளம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளம். மருத்துவமும் சரக்கும் எளிதாகும் என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. இவ்வளவு நீளம் எதற்கு, வேறு நாட்டின் படைக்கா என்று ஐயுற்றவர்களும் உண்டு. மொரீசியஸ் அரசு அதை மறுத்தது.

மூன்றாவது செயின்ட் பிராண்டன். வடகிழக்கே ஏறத்தாழ 430 கிலோமீட்டரில் பவளத் திட்டுகளும் மணல்மேடுகளுமாகச் சிதறிக் கிடக்கிறது. நிலையான குடிமக்கள் இல்லை. முறை வைத்து வந்துபோகும் மீனவர்களும், வானிலை நிலையப் பணியாளர்களும், ஆமைகளும் கடற்பறவைகளுமே அங்கே. திட்டுகளில் பதின்மூன்றை ஒரு மீன்பிடி நிறுவனம் நிரந்தரக் குத்தகையாக வைத்திருக்கிறது. அந்த உரிமையை 2008இல் இலண்டன் பிரிவி கவுன்சில் உறுதி செய்தது. திரோம்லின் என்ற சிறு மணல் தீவோ பிரான்சின் கையில் இருக்கிறது. மொரீசியஸ் அதைத் தன்னுடையது என்கிறது.

கடைசியாக, மனத்தை உறுத்தும் சாகோஸ். வடகிழக்கே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள தீவுக்கூட்டம் அது. குடியேற்ற நாட்களில் மொரீசியஸோடு சேர்த்தே ஆளப்பட்டது. 1965ஆம் ஆண்டு நவம்பரில், விடுதலைக்கு மூன்றாண்டுகள்கூட இல்லாத நிலையில், பிரிட்டன் அதைப் பிரித்துத் தனி ஆட்சிப்பகுதியாக்கியது. அமெரிக்கப் படைத்தளத்துக்காக டியேகோ கார்சியா தீவு தேவைப்பட்டது. 1968 முதல் 1973 வரை அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டு, மொரீசியஸிலும் சீஷெல்ஸிலும் கொண்டுவந்து இறக்கப்பட்டனர். போர்ட் லூயிஸின் ஓரக் குடியிருப்புகளில் வறுமையில் பலர் வாழ்ந்து மறைந்தனர்.

2019ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் அனைத்துலக நீதிமன்றம், அந்தப் பிரிப்பு சட்டத்துக்கு உட்பட்டதன்று என்று ஆலோசனைக் கருத்து வழங்கியது. 2025ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் பிரிட்டனும் மொரீசியஸும் ஓர் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டன. தீவுக்கூட்டத்தின் இறைமை மொரீசியஸுக்கு. டியேகோ கார்சியா 99 ஆண்டுகளுக்குப் பிரிட்டனின் குத்தகையில் என்பது அதன் சாரம். ஒப்பமிடுவதோடு ஓர் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிடுவதில்லை. இரு நாடுகளும் அதை உறுதி செய்ய வேண்டும். சாகோஸ் மக்களிலேயே அதை வரவேற்றவர்களும் உண்டு. எங்களைக் கேளாமல் எங்கள் தீவைப் பற்றிப் பேசினீர்களே என்று வருந்தியவர்களும் உண்டு.

நேயர்களே, நாம் பார்த்த இந்த நாட்டின் படத்தை அடுத்த முறை நீங்கள் விரிக்கும்போது, நிறம் தீட்டிய ஒவ்வொரு துண்டையும் பார்த்து இரண்டு கேள்விகள் கேளுங்கள். இங்கே வாழ்பவர் தமக்காகப் பேசுகிறவரைத் தாமே தேர்ந்தெடுக்கிறாரா? குறை வந்தால் எந்த வாசலைத் தட்டுகிறார்? திரியோலேக்கும் காத்ர் போர்னுக்கும் ரோட்ரிக்ஸுக்கும் அகலேகாவுக்கும் விடை வேறுவேறாக வரும். சாகோஸுக்கு வரும்போது, அங்கே வாழ்பவர் எங்கே என்றுதான் முதலில் கேட்க வேண்டியிருக்கும். 1871இல் சீட்டு வேண்டாம் என்று மனுவில் குறியிட்ட 9,401 பேரும் ஏறத்தாழ இதே கேள்விகளைத்தான் கேட்டார்கள்.